ஒரே முருகன், பிள்ளைக்குப் பிள்ளை வேறு பெயர்

சிங்கப்பூரில் ஏதாவது ஒரு தமிழ் வகுப்பின் பெயர்ப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். சரவணன், கார்த்திக், சண்முகப்பிரியா, வேல்முருகன், செந்தில், குகன் என்று வரும். பிள்ளைகள் ஆறு பேர், ஆனால் சாமி ஒருவர்தான். கூப்பிடும் ஆசிரியருக்கும் இது தெரியும், பெயர் வைத்த பெற்றோருக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஆறு பேரில் யாரும் இன்னொருவருடைய பெயரைத் தனக்கும் வைத்திருப்பதாக நினைப்பதில்லை.

ஒரு தெய்வத்துக்கு எதற்கு இத்தனை பெயர்? அவற்றில் எது வீட்டுக்குள் வந்து பிள்ளையின் பெயராகிறது, எது அர்ச்சனையோடு நின்றுவிடுகிறது? சிவனுக்கும் அம்மனுக்கும் பெருமாளுக்கும் இதே கேள்விகளைக் கேட்கலாம். நான் முருகனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தைப்பூசத்துக்குச் சாலையையே ஒதுக்கித் தரும் இந்த ஊரில் அவர் பெயர்களைத்தான் நாம் அதிகம் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

முதல் கேள்விக்கு வழக்கமாகச் சொல்லும் பதில், பக்தர்கள் அன்பினால் பல விதமாக அழைத்தார்கள் என்பது. அது உண்மைதான், ஆனால் பாதிதான். இத்தனை பெயர்கள் சேர்ந்ததற்கு முக்கியமான காரணம், முருகன் என்று இன்று நாம் கும்பிடும் தெய்வத்துக்குள் ஒரு காலத்தில் தனித்தனியாக இருந்த பல தெய்வங்கள் வந்து சேர்ந்திருப்பது.

இதற்கு நல்ல சான்று தமிழ்நாட்டுக்கு வெகு தொலைவில் இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட குஷாண அரசன் ஹுவிஷ்கன் வெளியிட்ட பொற்காசுகளில் சில தெய்வ உருவங்கள் நிற்கின்றன. பக்கத்தில் கிரேக்க எழுத்தில் பெயர்கள் பொறித்திருக்கிறது: ஸ்கந்தகுமாரன், விசாகன், மகாசேனன். இன்று இந்தப் பெயர்களை ஒரே முருகனுக்குச் சொல்கிறோம். அந்தக் காசுகளிலோ ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ஆள். அதற்கு முன்பே, பாணினியின் இலக்கணத்துக்கு உரை எழுதிய பதஞ்சலியும் ஸ்கந்தன், விசாகன் என்று இரண்டு திருவுருவங்களைத் தனித்தனியாகவே குறிப்பிடுகிறார். பிற்காலத்தில் இவர்கள் எல்லாம் ஒருவராக ஆனபோது, பழைய தெய்வங்களின் பெயர்கள் அழியவில்லை. புதிய ஒரே தெய்வத்தின் சிறப்புப் பெயர்களாகத் தங்கிவிட்டன.

தெற்கே நடந்ததும் இதுதான். தொல்காப்பியம் 'சேயோன் மேய மைவரை உலகமும்' என்று குறிஞ்சி நிலத்துக்கு ஒரு தெய்வத்தைச் சொல்கிறது. அவன் மலைக்காரன், வேல் பிடித்தவன், வெறியாட்டு என்ற சாமியாட்டத்தில் வேலன் என்ற பூசாரி மேல் வந்து இறங்குகிறவன். அந்தச் சேயோனும் முருகனும் நெடுவேளும் வடக்கிலிருந்து வந்த படைத்தலைவனான கார்த்திகேயனோடு கலந்தார்கள். அந்தக் கலப்பில் வள்ளி இந்தப் பக்கத்திலிருந்தும் தேவசேனை அந்தப் பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்தார்கள். சரவணப் பொய்கைக் கதையை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. ஆறு குழந்தைகளைக் கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் பாலூட்டி வளர்க்கிறார்கள். பார்வதி வந்து ஒரே அணைப்பில் ஆறையும் ஒன்றாக்குகிறாள், ஆனால் முகங்கள் ஆறும் அப்படியே இருக்கின்றன. தெய்வங்கள் ஒன்றுசேர்ந்த வரலாற்றை இதைவிட அழகாக யாராலும் சொல்ல முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, கலந்ததனால் சில பெயர்கள் வந்தன. நூற்றுக்கணக்கில் பெருகியதற்குக் காரணம் வழிபடும் முறை. தமிழில் தெய்வத்தைப் பாடுவது என்றால் பெரும்பாலும் விளித்துப் பாடுவதுதான். திருமுருகாற்றுப்படையின் கடைசிப் பகுதியில் நக்கீரர் முருகனை எதிரே நிறுத்தி வரிசையாக அழைக்கிறார்: மலைமகள் மகனே, மாற்றோர் கூற்றே, கொற்றவை சிறுவ, மாலை மார்ப, நூலறி புலவ, குறிஞ்சிக் கிழவ. வேண்டியது என்ன என்று கேட்பதற்கு முன்னால், உன்னை எனக்கு இவ்வளவு தெரியும் என்று சொல்கிற முறை இது. தாய், தகப்பன், மாமன், மனைவி, ஆயுதம், வாகனம், கொடி, வென்ற பகை, குடியிருக்கும் ஊர் என்று எதைத் தொட்டாலும் ஒரு விளி கிடைக்கும்.

கோயில் அர்ச்சனைக்கு இன்னொரு தேவை உண்டு. அங்கே எண்ணிக்கை முன்பே முடிவாகியிருக்கிறது. அஷ்டோத்திரம் என்றால் 108, சகஸ்ரநாமம் என்றால் 1,000. ஒரு பெயருக்கு ஒரு பூ. எண்ணிக்கையை நிறைவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இருக்கும்போது, பன்னிரண்டு கை என்று ஒரு பெயர், பன்னிரண்டு கண் என்று ஒரு பெயர் என்று பிரித்துப் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தப் பட்டியலை ஒரு முறை கூடவே சொல்லிப் பார்த்தால் இரண்டாவது கேள்விக்கும் பதில் தெரியத் தொடங்கும். சுப்பிரமணிய அஷ்டோத்திரம் ஸ்கந்தாய நமஹ, குஹாய நமஹ, ஷண்முகாய நமஹ என்று ஆரம்பிக்கிறது. முதல் மூன்றுமே நம் வீடுகளில் கந்தன், குகன், சண்முகம் என்று இருக்கின்றன. கொஞ்ச தூரத்தில் சிகிவாஹனாய வருகிறது, மயிலை வாகனமாகக் கொண்டவன். அதன் தமிழ் வடிவமான மயில்வாகனம் யாழ்ப்பாணத்து வீடுகளில் நன்றாகப் பழகிய பெயர். அடுத்து வருகிற த்விஷட்புஜாய, பன்னிரு தோளன், யார் வீட்டுக்கும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் போனால் மத்தாய, ப்ரமத்தாய, உன்மத்தாய என்று மூன்று பெயர்கள் அடுத்தடுத்து வரும். போர் வெறியில் மயங்கி நிற்கும் தெய்வத்தைச் சொல்பவை. அர்ச்சகர் அவற்றுக்கும் மற்றவற்றைப் போலவே ஒரு பூப் போடுகிறார். ஆனால் பிள்ளைக்கு உன்மத்தன் என்று எந்தத் தகப்பனும் பெயர் வைக்க மாட்டார். அந்த மூன்றைத் தாண்டியதும் தேவஸேனாபதி, உமாஸுதன், குமாரன், விசாகன் என்று மறுபடியும் பழகிய முகங்கள்.

யாரும் உட்கார்ந்து விதி எழுதவில்லை, ஆனால் தேர்வு ஒரே மாதிரிதான் நடந்திருக்கிறது. பிறந்த கதை, அம்மா அப்பா உறவு, கையில் இருக்கும் ஆயுதம், முகம், ஊர் இவையெல்லாம் பிள்ளைக்கு வருகின்றன. கொன்ற கதை வருவதில்லை. சூரனை அழித்ததுதான் முருகன் செய்த மிகப் பெரிய காரியம், கந்த சஷ்டி முழுவதும் அதைத்தான் கொண்டாடுகிறோம். இருந்தும் சூரசம்ஹாரன் என்று ஒரு பையனை நான் கேள்விப்பட்டதில்லை. அந்த வெற்றியைப் பிள்ளைக்குக் கொடுக்க ஆசைப்பட்டவர்கள் எதிரியின் பெயரை விட்டுவிட்டு ஆயுதத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். காவடிக்குப் பின்னால் நடக்கிறவர்கள் எழுப்பும் 'வெற்றிவேல்' என்ற முழக்கம் ஒரு நல்ல பையன் பெயர். சக்திவேலும் அப்படியே.

மாமன் உறவு மட்டும் விதிவிலக்கு. நம் தைப்பூச ஊர்வலம் சிராங்கூன் ரோடு சீனிவாசப் பெருமாள் கோயிலில் புறப்பட்டு டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலில் முடிகிறது. மாமன் வீட்டிலிருந்து மருமகன் வீட்டுக்குப் போகிற பாதை என்று அதைச் சொல்லலாம், 'மால் மருகன்' என்பது பாட்டுகளில் சாதாரணமாக வரும் விளி. ஆனால் அது பெயராகவில்லை. ஒரு குழந்தையைக் கூப்பிடும்போதே இன்னொருவரின் மருமகன் என்று சொல்வது நம் காதுக்கு ஏற்கவில்லை போலும். மகன் என்று சொல்லும் சிவகுமாரும் உமாபாலனும் உறுத்தவில்லை.

சாமியின் பெயர்களில் பிள்ளைகளுக்கு நிறையக் கொடுத்தவை ஊர்ப் பெயர்கள். புறநானூற்றின் 55ஆம் பாட்டில் 'செந்தில் நெடுவேள்' என்று வருகிறது. அங்கே செந்தில் என்பது கடற்கரை ஊர், இன்றைய திருச்செந்தூர். சாமியின் பெயர் நெடுவேள். இன்று நெடுவேள் என்று பெயர் வைப்பவர் அரிது, செந்தில் என்று வைப்பவர் ஏராளம். ஊரைச் சொன்னாலே சாமியைச் சொன்னதாகிவிட்டதால், பக்கத்தில் இருந்த சொல் தேவையில்லாமல் உதிர்ந்துபோனது. பழனி, தணிகாசலம், சாமிமலையின் சாமிநாதன், மருதமலையின் மருதாசலம், சிக்கலின் சிங்காரவேலு, வைத்தீஸ்வரன் கோயிலின் முத்துக்குமாரசாமி எல்லாம் இந்த வகை. மருதாசலம் என்ற பெயரைக் கேட்டால் அந்தக் குடும்பத்துக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு வேர் இருக்கலாம் என்று ஊகிக்க முடிவது இதனால்தான்.

டேங்க் ரோடு கோயிலை 1859இல் கட்டியவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார்கள். கையில் தண்டத்தோடு நிற்கும் பழனி ஆண்டவரையே இங்கும் வைத்தார்கள். பேச்சுவழக்கில் தண்டம் தெண்டமாகி, கோயிலின் பெயரும் அப்படியே நிலைத்துவிட்டது. அவர்கள் குடும்பப் பெயர்களைப் பார்த்தால் பழனியப்பன், தண்டாயுதபாணி, சுப்பையா, வள்ளியப்பன் என்று அதே சாமி திரும்பத் திரும்ப வருவார். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தில் அவர்கள் உறுதியாக இருந்ததால், ஒரே ஊரில் ஒரே நேரத்தில் பல பழனியப்பன்கள் இருப்பார்கள். கொடுக்கல் வாங்கல் தொழிலில் இது விளையாட்டான விஷயம் இல்லை. அதனால்தான் தலைமுறை தலைமுறையாகப் பெயர்களின் முதலெழுத்துகளை அடுக்கி, 'பழ.', 'சுப.', 'அரு.' என்று 'விலாசம்' என்கிற குடும்ப அடையாளம் வைத்துக்கொண்டார்கள். சாமியின் நிறையப் பெயர்களில் சிலவற்றை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன சிக்கல் வரும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பெயராகும்போது சொல்லின் உருவமும் மாறுகிறது. ஆறுமுகம், வேலாயுதம், மயில்வாகனம் என்று ஆண்களின் பெயர்கள் ஏன் '-ம்' என்று முடிகின்றன? இலக்கணத்தில் இதை அன்மொழித்தொகை என்பார்கள். ஆறு முகம் என்று பொருளை மட்டும் சொல்லிவிட்டு, அதை உடையவன் என்பதைச் சொல்லாமலே புரிய வைப்பது. வேல் ஆயுதம் என்றால் வேலை ஆயுதமாகக் கொண்டவன். சுப்பிரமணியம் இந்த வகை இல்லை, ஆனாலும் அந்த '-ம்' அதற்கும் ஒட்டிக்கொண்டது. 'பாணி' என்பதும் கையில் உடையவன் என்று சொல்வதுதான். தண்டத்தைப் பிடித்தால் முருகன், சார்ங்கம் என்ற வில்லைப் பிடித்தால் திருமால். தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணியின் பெயர் அந்த இரண்டாவது.

ஒரு சிறப்புப் பெயர் கிடைத்துவிட்டால் அதைப் பெருக்குவது சுலபம். சண்முகம், சண்முகநாதன், சண்முகசுந்தரம், சண்முகவேல், சண்முகராஜா. பெண் பிள்ளைக்குச் சண்முகவடிவு, சண்முகப்பிரியா. யாழ்ப்பாணத்தார் இதிலும் தங்களுக்கென்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நம் முருகேசன் அவர்களுக்கு முருகேசு, கார்த்திகேயன் கார்த்திகேசு. நம் அதிபர் தர்மன் சண்முகரத்னத்தின் பெயரில் இருப்பது அவருடைய தந்தையின் பெயர், சண்முகத்தோடு ரத்தினத்தைச் சேர்த்துக் கட்டியது. பெருக்குவதைப் போலவே நறுக்குவதும் நடக்கிறது. கார்த்திகேயன் கார்த்திக் ஆனார். சுப்பிரமணியத்தின் முன்பாதி சுப்பு, சுப்பையா என்று ஒரு வழியில் போக, பின்பாதி மணியம் என்று தனியாகவே பதிவுப் பெயராக நின்றுவிட்டது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மணியம் என்ற பெயரை நிறையக் கேட்கலாம்.

இவ்வளவு பெயர்கள் குடும்பத்துக்கு எப்படிப் பயன்படுகின்றன என்பதற்கு ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். 1930களில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர் பழனியாண்டி. பழனிக்கு வேண்டிக்கொண்டு பிறந்தவர். இங்கே அவருக்கு மூன்று பிள்ளைகள்: ஆறுமுகம், வேலாயுதம், வள்ளியம்மை. வேண்டுதல் தீர்த்த சாமியையே குடும்பம் மறுபடியும் கூப்பிட வேண்டும், ஆனால் ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே பெயர் வைக்க முடியாது. இரண்டு மகன்களுக்கும் முருகன் பெயர்தான், ஆனால் கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அடுத்து ஆறுமுகத்துக்கு மகன் பிறக்கிறான். தாத்தா பெயரை வைக்க வேண்டும் என்பது மரபு. மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பதும் மரபு. பழனியாண்டி என்றே வைத்தால் பெற்ற தாய் தன் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. இப்படி மாட்டிக்கொண்டு காலம் முழுவதும் பிள்ளையைத் தம்பி என்றே அழைத்த தாய்மார்கள் உண்டு. பழனிவேல் என்று வைத்தால் தாத்தாவின் ஊர்ச்சாமியும் வந்துவிடும், அப்படியே அவர் பெயரும் ஆகாது. அது போதாது என்று நினைக்கும் குடும்பம் சரவணன் என்று வைக்கும். சாமி அதே சாமி, வாய்க்குத் தடையும் இல்லை. ஒரு தெய்வத்துக்கு நூறு பெயர் இருப்பது பூசாரியைவிட இந்த மருமகளுக்குத்தான் அதிகம் உதவியிருக்கிறது என்பது என் எண்ணம்.

அடையாள அட்டையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான் பின்னால் வருகிறது. ஆறுமுகம் எஸ்/ஓ பழனியாண்டி, பிறகு சரவணன் எஸ்/ஓ ஆறுமுகம், பிறகு கார்த்திக் எஸ்/ஓ சரவணன். சீனக் குடும்பத்தில் தலைமுறைகளைக் கட்டுவது மாறாத ஒரு குடும்பப் பெயர். இந்தக் குடும்பத்தில் எழுத்தில் எதுவுமே மாறாமல் தொடரவில்லை. தொடர்வது முருகன் மட்டும்தான், அதுவும் கதை தெரிந்தவர் கண்ணுக்குத்தான் தெரியும்.

இந்த ஊகத்துக்கு எல்லை உண்டு. பெயர், வைத்தவரைப் பற்றித்தான் சொல்லும், சுமப்பவரைப் பற்றி அவ்வளவாகச் சொல்லாது. குகன் என்றால் முருகனாகவும் இருக்கலாம், ராமனுக்கு ஓடம் விட்டவனாகவும் இருக்கலாம். குமார் என்பது எல்லாப் பெயருக்கும் பின்னால் சேர்கிற ஒட்டாகி வெகு காலமாகிறது. கார்த்திக் என்று வைப்பவர்களில் பலருக்கு அது கேட்க நன்றாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. 20ஆம் நூற்றாண்டில் தனித்தமிழ் இயக்கம் வேதாசலத்தை மறைமலை ஆக்கியதைத் தொடர்ந்து, பக்தி இல்லாதவர்களும் தமிழ்ப் பற்றினால் முருகவேள், செவ்வேள், சேயோன் என்று தேடி எடுத்தார்கள். ஒரு சேயோனின் அப்பா கோயிலுக்கே போகாதவராக இருக்கலாம். கொடியில் சேவல் இருந்ததா, கையில் வேல் இருந்ததா என்பது அவருக்குப் பொருட்டில்லை, தொல்காப்பியத்தில் இருக்கிறது என்பதுதான் பொருட்டு.

இப்போது பெயர் தேடும் இளம் பெற்றோரிடம் இன்னொரு சல்லடை இருக்கிறது, நட்சத்திர எழுத்து. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் நான்கு எழுத்துகள், அவற்றில் ஒன்றில்தான் பெயர் தொடங்க வேண்டும் என்பது கணக்கு. மிருகசீரிடத்தில் பிறந்தால் வே, வோ, க, கி. முருக பக்தருக்கு இது சிரமமே இல்லை, வேலனும் கந்தனும் கார்த்திக்கும் தயாராக நிற்கிறார்கள். கார்த்திகையில் பிறந்தால் அ, இ, உ, எ. கார்த்திகேயன் என்ற பெயரே அந்த நட்சத்திரத்திலிருந்து வந்தது, ஆனால் எழுத்துக்கணக்குப்படி அந்தப் பிள்ளைக்கு அது பொருந்தாது. அ-வை நெடிலாக ஏற்றால் ஆறுமுகன், உ-வில் உமாபாலன் என்று வழி தேட வேண்டும். விசாகம் முருகனுக்கே உரிய நட்சத்திரம், அதற்கான எழுத்துகளோ தி, து, தே, தோ. விசாகன் என்று வைக்க முடியாது. அஷ்டோத்திரத்தில் தேடினால் தேவசேனாபதி கிடைக்கும், இன்றைய காதுக்கு அது நீளம். பல பெற்றோர் கடைசியில் வந்து நிற்பது பழைய தமிழ் வழியில்தான். தெரிந்த பெயரின் முன்னால் ஒரு 'திரு' சேர்த்துத் திருமுருகன், திருக்குமரன் என்று வைத்துவிடுகிறார்கள். சோதிடருக்கும் சம்மதம், பாட்டிக்கும் சம்மதம்.